ஆண்டின் நடுவில் ஆசிரியரை விடுவிப்பது எப்படி: நோட்டீஸ், பாக்கிச் சம்பளம், பேட்ச் ஒப்படைப்பு

கரூரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்குப் பொதுத் தேர்வுக்கும் நீட்டுக்கும் பயிற்சி தரும் சின்ன மையம் எங்களுடையது. ஆசிரியர்களும் அலுவலகத்தாரும் சேர்த்துப் பதினான்கு பேர். ஆண்டு நடுவில் ஆசிரியரை அனுப்ப வேண்டிய நிலை எங்களுக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை நான் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். "எல்லா நோட்ஸையும் ஒப்படைத்தால்தான் கடைசி மாதச் சம்பளம்" என்றேன். அவர் சம்பளத்தையே விட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே பதினோரு பிள்ளைகள் போனார்கள்.

அதில் நான் கற்றுக்கொண்டது வரிசைதான். முதலில் பணம், அப்புறம்தான் பாடம். தன் காசு வந்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்த ஆசிரியர்தான் எந்தப் பையன் எந்த இடத்தில் திணறுகிறான் என்று உட்கார்ந்து சொல்வார். இரண்டாம் முறை இப்படித்தான் செய்தோம். அதையே இங்கே எழுதுகிறேன்.

ஜூனில் ஏழு பேட்ச் இருந்தது. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் எண்ணிக்கை குறைந்து, நவம்பரில் ஐந்தாகச் சுருக்க வேண்டியதாயிற்று. இயற்பியலுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள், இனி ஒருவரே போதும் என்றானது. பிளஸ் டூ மாலை பேட்சையும் வார இறுதி பேட்சையும், மொத்தம் 62 பேரை, ஒரு சார் பார்த்துக்கொண்டிருந்தார். மாதச் சம்பளம் 36,000. எங்களிடம் ஒன்றரை வருடமாக இருந்தார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை.

முதல் வேலை: கோப்பை எடுத்துப் பாருங்கள்

ஆசிரியரிடம் பேசும் முன்பு, அவர் உங்களிடம் எந்த வகையில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி மையங்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் மாதச் சம்பளக்காரர். இன்னொருவர் மணிக்கணக்கில் வந்து போகிறவர். அவருக்குப் பத்து சதவீத வரி பிடித்துக்கொண்டு தொழில்முறைக் கட்டணமாகக் கொடுப்போம். மணிக்கணக்குக்காரருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் அளவுகோல். மாதச் சம்பளக்காரர் விஷயத்தில் ஒப்பந்தத்தோடு சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41ஆம் பிரிவு, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. நீக்குவதானால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். அந்தச் சட்டத்தில் மையத்தைப் பதிவு செய்திருந்தால், ஒப்பந்தத்தில் "பதினைந்து நாள் போதும்" என்று எழுதியிருந்தாலும் ஒரு மாதம் கொடுத்துவிடுவதே சரி.

"வாத்தியார் லேபர் கோர்ட்டுக்குப் போக முடியாது, கவலைப்படாதீங்க" என்று தைரியம் சொல்கிறவர்கள் உண்டு. அதில் பாதிதான் உண்மை. தொழில் தகராறு சட்டத்தின் அர்த்தத்தில் ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சுந்தரம்பாள் வழக்கில் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு அவர் சம்பளத்தைத் தள்ளுபடி செய்து தரவில்லை. பாக்கிச் சம்பளத்துக்கு சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட அவருக்கு மூன்று வருடம் இருக்கிறது.

எழுத்தில் ஒப்பந்தமே இல்லையா? பெரும்பாலான சின்ன மையங்களின் கதை அதுதான். வேலைக்குச் சேர்ந்தபோது அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வங்கியில் போன சம்பளம், வருகைப் பதிவேடு, இவைதான் உங்கள் ஒப்பந்தம். அவற்றைப் பிரின்ட் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள்.

இன்னொன்று. அனுப்பும் காரணம் ஒழுங்கீனம் என்றால் இந்த வழிகாட்டி பொருந்தாது. அதற்கு எழுத்தில் குற்றச்சாட்டு, அவருடைய விளக்கம், விசாரணைப் பதிவு என்று தனிப் பாதை இருக்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய புகார் என்றால் அன்றைக்கே வகுப்பிலிருந்து நிறுத்த வேண்டும். போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் உங்களுக்கு உண்டு. அதை 'பேட்ச் குறைப்பு' என்று பூசி மெழுகி அனுப்பிவிடாதீர்கள்.

நாள் குறிப்பது

மாத முடிவை வைத்து நாள் குறிப்பது அக்கவுண்டன்டுக்கு வசதி, பிள்ளைகளுக்கு இடைஞ்சல். கடைசி நாள் ஒரு அலகு முடிகிற இடத்தில் விழ வேண்டும். பாதி அலகில் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கதிர் ஒளியியல் ஒன்றே போதும். லென்ஸ், ஆடிக் கணக்குகளில் எந்தத் தொலைவுக்கு மைனஸ் போடுவது என்பதைப் பிள்ளைகள் மனதில் பதிய வைக்க ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு வழி இருக்கும். ஒருவரிடம் பாதி, இன்னொருவரிடம் பாதி படித்தவர்கள் தேர்வில் குறியைத்தான் கோட்டை விடுவார்கள்.

ஆண்டிலும் எல்லா மாதமும் ஒன்றல்ல. டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு, மே மாதம் நீட். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில் கைமாறினால் புது ஆசிரியருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஜனவரி தாண்டிவிட்டால், பேட்சைச் சேர்ப்பதில் மிச்சமாகும் சம்பளத்தைவிட இழப்பு அதிகம். என்னைக் கேட்டால், அப்போது அந்த ஆசிரியரை ஏப்ரல் வரை வைத்துக்கொண்டு மாதிரித் தேர்வு வேலைகளைக் கொடுத்துவிடலாம்.

நாங்கள் நவம்பர் 3ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தோம். மறுநாளிலிருந்து எண்ணி முப்பது நாள், டிசம்பர் 3 கடைசி நாள். அதற்குள் பிளஸ் டூ முதல் தொகுதியின் ஐந்தாம் அலகான மின்காந்த அலைகள் முடிந்துவிடும். ஆறாம் அலகை, அதாவது கதிர் ஒளியியலை, அவர் தொடங்கவே வேண்டாம், மீதி வகுப்புகளில் திருப்புதல் நடத்தட்டும் என்று முடிவு செய்தோம்.

பேசுவதும் கடிதமும்

மாலை வகுப்பு ஐந்தரைக்கு. மூன்று மணிக்கே அவரை வரச் சொன்னேன். இரவு ஒன்பதுக்குக் கடைசி வகுப்பு முடித்து, சாக்பீஸ் தூசியோடு பைக் சாவியைக் கையில் எடுக்கிறவரிடம் இதைச் சொல்லக் கூடாது. கூட யாரையும் வைத்துக்கொள்ளவில்லை.

"சார், ஏழு பேட்ச் அஞ்சாகுது. பிசிக்ஸுக்கு ரெண்டு பேர் வச்சுக்க முடியல. டிசம்பர் மூணாம் தேதியோட உங்களை விடுவிக்க வேண்டியிருக்கு. கணக்கு முழுசா போட்டு வச்சிருக்கேன், நீங்களே பாருங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டது ஒன்றே ஒன்று: "பசங்ககிட்ட யாரு சொல்றது மேடம்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு பேருமாகச் சொல்வோம் என்று அங்கேயே முடிவானது. நீங்கள் போகும்போது இந்தக் கேள்விக்குப் பதிலோடு போங்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும்:

> தங்களுடன் இன்று பேசியபடி, மாணவர் எண்ணிக்கை குறைந்து பேட்சுகள் இணைக்கப்படுவதால், தங்கள் பணி 03.12 அன்று வேலை நேர முடிவில் நிறைவடைகிறது. இக்கடிதம் ஒரு மாத அறிவிப்பாகும். தங்களுக்குரிய தொகையின் உத்தேசக் கணக்கு இணைப்பில் உள்ளது. இறுதித் தொகை 05.12-க்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். அசல் சான்றிதழ்களும் அனுபவச் சான்றிதழும் கடைசி நாளில் வழங்கப்படும்.

காரணத்தை ஒரு வாக்கியத்துக்கு மேல் விரிக்காதீர்கள். "தங்கள் செயல்பாடு திருப்தியாக இல்லாததாலும்" என்று ஒரு வால் சேர்த்தால் விவாதம் அங்கேதான் தொடங்கும். நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் வற்புறுத்தாமல், டெலிவரி சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். நீங்கள் அனுப்பிவிட்டு, அவர் போனதாக எழுதி வாங்குவது பின்னால் உங்களையே குத்தும்.

நோட்டீஸ் காலத்துக்குள் அவருக்கு வேறு வேலை கிடைத்தால் விட்டுவிடுங்கள். "மீதி நாளுக்குச் சம்பளம் கட்டிட்டுப் போங்க" என்று கேட்பது, நாம் அனுப்புகிற இடத்தில் அசிங்கம். போகிற நாள் வரைக்குமான சம்பளம், ஒப்படைப்புக்காக இரண்டு மூன்று மாலை வந்தால் அதற்குத் தனிக் கூலி. அவ்வளவுதான்.

கணக்கு

உத்தேசக் கணக்கை நோட்டீஸோடு சேர்த்தே கொடுப்பதுதான் இந்த முழு வேலையின் அச்சாணி. சண்டை வருவதானால் முதல் நாளே வரட்டும், தீர்க்க முப்பது நாள் இருக்கிறது.

நவம்பர் முழுச் சம்பளம் 36,000. டிசம்பரில் மூன்று நாள்: மாதத்தை முப்பதால் வகுத்து நாளுக்கு 1,200 வைத்து 3,600. ஞாயிறு சந்தேக வகுப்புக்கு மணிக்கு 450 ரூபாய் தனி. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதத்திலும் ஒன்பது ஞாயிறு, தலா இரண்டு மணி நேரம், ஆக 18 மணிக்கு 8,100. தேர்வுத் தாள் திருத்தம் மூன்று தேர்வு, 62 பேர், 186 தாள், தாளுக்கு எட்டு ரூபாய் வீதம் 1,488.

சந்தேக வகுப்பில்தான் சிக்கல் வந்தது. அக்டோபரில் அவர் கணக்கு எட்டு மணி நேரம், எங்கள் பதிவேட்டில் நாலு. அலுவலகப் பெண் தீபாவளியை ஒட்டி இரண்டு ஞாயிறு விடுப்பில் இருந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்த்தோம். அந்தத் தேதிகளைப் போட்டு, கிர்ச்சாஃப் விதிக் கணக்குகள் பக்கம் பக்கமாக இருந்தன. எட்டு மணி நேரம் என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் பிள்ளைகளின் நோட்டைவிட நம்பகமான பதிவேடு இல்லை.

அடுத்தது ஊக்கத்தொகை. ஒப்பந்தத்தில் "பொதுத் தேர்வு முடியும் வரை பணியில் இருந்தால் ஆண்டுக்கு 12,000" என்று இருந்தது. எழுத்துப்படி பார்த்தால் டிசம்பரில் போகிறவருக்குக் கிடையாது. ஆனால் அந்த நிபந்தனை அவரே நடுவில் விட்டுப் போகாமல் இருப்பதற்குப் போட்டது. போகச் சொன்னது நாங்கள். ஜூன் முதல் ஏப்ரல் வரை பதினொரு மாதத்தில் ஆறு மாதம் முழுதாக வேலை செய்திருக்கிறார். 12,000-ஐப் பதினொன்றால் வகுத்து ஆறால் பெருக்கினால் 6,545.

மொத்தம் 55,733. தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ் 15,000, அவர் கையெழுத்திட்ட வவுச்சர் இருக்கிறது. கழித்தால் கையில் 40,733. வவுச்சர் இல்லாத எதையும் கழிக்காதீர்கள். 'பிள்ளைகள் நின்றுவிட்ட நஷ்டம்', 'அச்சடித்த நோட்ஸ் செலவு' என்றெல்லாம் பிடிக்க வழியே இல்லை. இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பு, மொத்தப் பிடித்தமும் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. அட்வான்ஸ் பெரிதாக இருந்தால் மீதியைத் தவணையில் வாங்கிக்கொள்ள எழுதிக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் தொகுப்பு, வேலையை விட்டு நீக்கினாலும் அவரே விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தைத் தீர்க்கச் சொல்கிறது. "எல்லாருக்கும் போடும்போது ஏழாம் தேதி போடுகிறோம்" என்கிற பழக்கம் கடைசிச் சம்பளத்துக்குச் செல்லாது. நாங்கள் 5ஆம் தேதி என்று எழுதியதும் அதே அளவுதான்.

பணிக்கொடைக்கும் ஒரு பார்வை வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் மையத்தில் ஐந்து வருடம் முடித்த ஆசிரியருக்குப் பணிக்கொடை உண்டு. ஆசிரியர்களுக்குப் பொருந்தாது என்ற பழைய வாதம் 2009 சட்டத் திருத்தத்தோடு முடிந்துவிட்டது. குறித்த கால ஒப்பந்தக்காரருக்குப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒரு வருடமே போதும். பதினொரு மாதம், பதினொரு மாதமாக ஒப்பந்தம் போட்டு இடைவெளி விடாமல் நீட்டித்தவர்கள், கணக்கை மூடும் முன் ஆடிட்டரிடம் தேதிகளைக் காட்டிவிடுங்கள்.

பேட்ச் ஒப்படைப்பு

போர்ஷன் பதிவேட்டை நம்பி ஒப்படைப்பு வாங்காதீர்கள். அதில் "அலகு 4 முடிந்தது" என்று இருக்கும். எதை முடித்தார், எதை ஓடவிட்டார் என்று இருக்காது. அந்த அலகு மின்காந்தத் தூண்டலும் மாறுதிசை மின்னோட்டமும். எங்கள் பதிவேட்டில் இரண்டு பேட்சுக்கும் ஒரே வரியில் "முடிந்தது" என்று எழுதியிருந்தார்.

ஒவ்வொரு பேட்சிலும் மூன்று நோட்டு வாங்கிப் பாருங்கள்: ஒழுங்காக எழுதுகிற ஒருவர், கடைசி பெஞ்ச் ஒருவர், அடிக்கடி விடுப்பு எடுக்கும் ஒருவர். மாலை பேட்சில் மூன்று நோட்டிலும் தொடர் ஆர்.எல்.சி. சுற்றும் ஒத்ததிர்வும் கணக்குகளோடு இருந்தன. வார இறுதி பேட்சில் தூண்டல் முடிந்ததும் நேராக மின்காந்த அலைகள். மழை விடுமுறையில் இரண்டு சனிக்கிழமை போனதில் மாறுதிசை மின்னோட்டம் விடுபட்டிருந்தது. கேட்டதும், "ஆமா மேடம், அப்புறம் எடுக்கலாம்னு விட்டேன், பதிவேட்டுல சேர்த்து எழுதிட்டேன்" என்றார். மூன்று வகுப்பு ஒதுக்கி அவரே முடித்துக் கொடுத்தார். இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் அரையாண்டில் அந்த 24 பேரும் அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டிருப்பார்கள்; பழி புது ஆசிரியர் தலையில் விழுந்திருக்கும்.

அடுத்து ஆசிரியர் மனதில் மட்டும் இருக்கிற விஷயம். பேட்சைப் பெறுகிற இன்னொரு இயற்பியல் ஆசிரியையான மேடத்தையும் அவரையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் பெயராகப் போகச் சொன்னோம். யாருக்குக் கணக்கு தெரியும் ஆனால் விடையோடு அதன் அலகை எழுதமாட்டான், யாருக்குப் பள்ளியில் தமிழ் வழி என்பதால் ஆங்கிலக் கேள்வி புரிய நேரம் எடுக்கும், யார் வீட்டில் பேசினால் அடி விழும், அதனால் மதிப்பெண்ணை அவளிடம் மட்டும் சொல்ல வேண்டும். மேடம் ஒரு குயர் நோட்டில் ஆறு பக்கம் எழுதினார். இது எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. கசப்போடு போகிறவர் இதைச் சொல்லவும் மாட்டார்.

நவம்பர் மூன்றாவது வாரம் மேடம் அந்த வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வகுப்பு கவனித்தார். நான்காவது வாரம் திருப்புதலில் ஒரு பாதி அவர், ஒரு பாதி இவர். அதற்கு முன்பே இரண்டு பேரும் ஒன்றாக நின்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே பெற்றோர் குழுவில் செய்தி போட்டோம்: பேட்சுகள் இணைவதால் டிசம்பர் 4 முதல் இயற்பியல் மேடம் எடுப்பார், நேரம் மாறவில்லை, கேள்வி இருந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார்' என்று போடாதீர்கள். ஊர் சின்னது. மறுநாளே அவரிடம் கேட்பார்கள்.

நாலு பெற்றோர் வந்தார்கள். ஒருவர், இந்த சாருக்காகத்தான் சேர்த்தேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றார். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல், நடுவில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. கொடுத்துவிட்டோம். மற்ற மூன்று பேரும் இருந்துவிட்டார்கள்.

பொருள்களில் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் உரிமை, டிரைவில் இருக்கும் மதிப்பெண் தாள், திருத்தாத விடைத்தாள்கள், அறைச் சாவி இவை போதும். நோட்ஸ் யாருடையது என்பதில் தகராறு வரும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சம்பளக்காரர் வேலையின் பகுதியாக எழுதியது மையத்துக்குச் சொந்தம். மணிக்கணக்கில் வருகிறவர் எழுதியது அவருக்கே சொந்தம். பதிப்புரிமைச் சட்டம் வைக்கும் கோடு இது. நாங்கள் அச்சிட்ட பயிற்சித்தாளை வைத்துக்கொண்டு, அவர் கையெழுத்து நோட்டை அவரிடமே விட்டோம்.

"இரண்டு வருடம் கரூரில் எங்கும் எடுக்கக் கூடாது" என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? அதைக் காட்டி மிரட்டாதீர்கள். வேலை முடிந்த பிறகும் ஒருவர் தொழிலைத் தடுக்கும் நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. பிள்ளைகளின் போன் எண் பட்டியலை எடுத்துப் போகக் கூடாது என்று கேட்கலாம், அது நியாயம். அவர் இப்போது இரண்டு தெரு தள்ளி இன்னொரு மையத்தில் எடுக்கிறார்.

கடைசி நாளும் அதற்குப் பிறகும்

அசல் சான்றிதழ்களை வைத்திருந்தால் அன்றே கொடுத்துவிடுங்கள். முதலில் வாங்கியதே தவறு. அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பாடம், வகுப்புகள் போதும். பணம் ஏறியதும் இறுதிக் கணக்குத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியில் பணம் ஏறும் முன்பு கையெழுத்துக் கேட்காதீர்கள்.

இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மையமாக இருந்து பி.எஃப். பிடித்திருந்தால், விலகிய தேதியைத் தளத்தில் ஏற்றுங்கள். மறந்துவிட்டால் அவருடைய பணத்தைப் புது இடத்துக்கு மாற்ற முடியாமல் நிற்கும். இரண்டு மாதம் கழித்துத்தான் அவரே அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ள முடியும். வரி பிடித்திருந்தால் அதற்கான சான்றிதழ் அடுத்த ஆண்டு வெயில் காலத்தில் தேவைப்படும். அவரைக் கூப்பிட வைக்காமல் நீங்களே அனுப்பிவிடுங்கள்.

நோட்டீஸ் நகல், தபால் ரசீது, கணக்குத் தாள், அட்வான்ஸ் வவுச்சர், அந்த இரண்டு நோட்டுப் பக்கங்களின் ஜெராக்ஸ் எல்லாம் ஒரு கவரில் போட்டு, மேலே கடைசி நாளை எழுதி மூன்று வருடம் பீரோவில் வைத்திருங்கள்.